மைக் முன்னால் ஒரு வாழ்க்கைக் குறிப்பு

விழா மலர்களிலும் அழைப்பிதழ்களிலும் இந்த மாதிரிக் குறிப்புகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்:

"புதுக்கோட்டையில் 30.07.1886 அன்று நாராயணசாமி – சந்திரம்மாள் தம்பதியருக்கு மகளாகப் பிறந்து, அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் மாணவியாகப் பயின்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் (1927) பொறுப்பு வகித்து, தேவதாசி முறை ஒழிப்பிற்காகப் போராடியவரும், ஔவை இல்லம் (1930), அடையாறு புற்றுநோய் மருத்துவமனை (1954) ஆகியவற்றை நிறுவியவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கிக் கௌரவிக்கப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது."

எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியதுதான் இது. ஆனாலும் நடையில் அச்சுக் குறிப்புகளிலிருந்து இம்மியும் விலகவில்லை. செய்திகள் சரி, இலக்கணம் சரி, தாளில் படித்தால் புரிகிறது. இதையே ஒரு நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக் முன்னால் நின்று அப்படியே வாசித்தால், அரங்கில் பாதிப் பேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. தொகுப்பாளர்களுக்கு மேடைக் குறிப்பு எழுதிக்கொடுத்து வருபவன் நான். நல்ல குரலும் திருத்தமான உச்சரிப்பும் உள்ளவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பழியை அவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. கையில் இருக்கும் தாள் கண்ணுக்காக எழுதப்பட்டது.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். பிறந்து, பயின்று, பெற்று, வகித்து என்று எச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். வாக்கியம் முடியாது. மேலே உள்ள குறிப்பில் பேசப்படுபவர் யார் என்று தெரியவரும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் ஓடிவிட்டன. முதல் வினைமுற்று அதற்கும் பின்னால்தான் வருகிறது. படிப்பவர் கண்ணை மேலே ஓட்டி, 'யார் பிறந்தது, யார் பயின்றது' என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார். கேட்பவரால் அது முடியாது. ஒவ்வொரு செய்தியையும் யாருடையது என்று தெரியாமலே மனதில் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று செய்திகளுக்கு மேல் யாரும் சுமப்பதில்லை. கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.

வாசிப்பவருக்கும் இதே வாக்கியம் பகை. முற்று வராத இடத்தில் குரலை இறக்க முடியாது. ஒவ்வொரு 'து'விலும் குரல் மேலேயே நிற்க வேண்டியிருக்கிறது. மூச்சு தீர்ந்ததும் பொருந்தாத இடத்தில் நிறுத்துகிறார்கள். 'முதல் பெண்' என்று நிறுத்தி மூச்சு வாங்கி, 'உறுப்பினராகவும்' என்று தொடர்ந்தால், அதற்குள் அரங்கு வேறொன்றை நினைத்துவிட்டிருக்கும்.

இந்தக் குறிப்பைப் பேச்சாக மாற்றும் வேலை, வாக்கியத்தை உடைப்பதில் தொடங்குவதில்லை. எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகிறது. நிதானமாக, நிறுத்தி வாசிக்கும்போது தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் போகும். ஒருவரை அறிமுகப்படுத்த ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் போதும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மேடையில் இருப்பவரே நெளியத் தொடங்குவார். ஆக, கையில் இருப்பது நூறிலிருந்து நூற்றைம்பது சொற்கள். அதற்குள் ஒரு முழு வாழ்க்கையை அடைக்கப் பார்ப்பதால்தான் பட்டியல் பிறக்கிறது. அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த மனிதர் ஏன் முக்கியம் என்று கேட்டுக்கொண்டால், எது தங்க வேண்டும், எது போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் முத்துலட்சுமி ரெட்டியின் படத்திறப்பு என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் பயிற்சி மாணவிகளும் டாக்டர்களும் நோயாளிகளின் உறவினர்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவருடைய பெற்றோரின் பெயரோ பிறந்த தேதியோ விருதோ வேண்டியதில்லை. அச்சுக் குறிப்பில் இடம்பெறாத ஒரு செய்திதான் வேண்டும். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அடையாறு மருத்துவமனைக்குப் பின்னால் அந்தச் சாவு இருக்கிறது. ஆண்டுகளையும் பதவிகளையும் கோத்துவைக்கும் குறிப்புகளில் இப்படிப்பட்ட காரணங்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. தொகுப்பாளருக்கு எழுதுபவர் தேடிப் பிடிக்க வேண்டியது அந்தக் காரணத்தைத்தான். இதே படத்திறப்பு புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நடந்தால், மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாக நுழைந்தது நடுவில் வந்து நிற்கும், மருத்துவமனை ஒரு வரியாகச் சுருங்கும். சட்டக் கல்லூரியில் நடந்தால் சட்டசபை முன்னால் வரும்.

மருத்துவமனை மேடைக்கு நான் எழுதிக்கொடுப்பது இப்படி இருக்கும். ஒற்றைக் கோடு சின்ன நிறுத்தம். இரட்டைக் கோடு மூச்சு வாங்கும் இடம்.

"இன்றைக்கு நாம் திறக்கப்போவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படத்தை. //

புதுக்கோட்டையில் பிறந்தவர். / அங்கே மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி இவர்தான். // அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். / ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் / டாக்டராக வெளியே வந்தார். //

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை. / அந்தத் தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. / அக்கா டாக்டர். / ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. //

புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை வேண்டும். / அந்த எண்ணத்தை அவர் விடவே இல்லை. // இடையில் சென்னை சட்டசபைக்குப் போனார். / அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர். / ஆதரவில்லாத பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். / மருத்துவமனைக்காகப் பணம் திரட்டினார். //

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு, / அடையாறில் / அந்த மருத்துவமனை திறந்தது. / அப்போது அவருக்கு வயது / அறுபத்தேழு. //"

நூறு சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. நிறுத்தங்களோடு வாசித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அச்சுக் குறிப்பில் ஒரே ஒரு வினைமுற்று இருந்தது. இங்கே பிறந்தவர், வந்தார், முடியவில்லை, தொடங்கினார், திறந்தது என்று வாக்கியத்துக்கு வாக்கியம் முடிகிறது. கேட்பவர் ஒரு செய்தியை வாங்கி வைத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகலாம். வாசிப்பவரும் குரலை இறக்கலாம்.

ஆனால் எல்லா வாக்கியங்களும் ஒரே நீளத்தில் இருந்தால் தந்தி வாசிப்பது போல ஆகிவிடும். அதனால்தான் 'புற்றுநோய்க்கென்றே தனியாக ஒரு மருத்துவமனை' என்ற இடத்தில் வாக்கியத்தைக் கொஞ்சம் நீளவிட்டேன். அதற்கு முன்னால் 'அக்கா டாக்டர்' என்று இரண்டே சொல். குட்டை வாக்கியம் வலியைச் சொல்கிறது, நீள வாக்கியம் அதிலிருந்து எழுந்த முடிவைச் சொல்கிறது. எச்சங்களை முற்றாக ஒழிக்க வேண்டியதுமில்லை. ஒரு வாக்கியத்தில் ஓர் எச்சத்தைக் காது எளிதாகத் தாங்கும். 'சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார்' என்பது நாம் வீட்டில் பேசும் பேச்சுதான். மூன்றாவது எச்சம் வரும்போது வாக்கியத்தை அறுத்துவிட வேண்டும்.

ஆண்டுகளை எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். '1912-இல்' என்று தாளில் இருந்தால், கண் அந்த எண்ணைச் சொற்களாக மாற்றி, பிறகு 'இல்' என்பதை எங்கே ஒட்டுவது என்று தேட வேண்டும். அந்த அரை நொடியில்தான் 'பன்னிரண்டு... இல்' என்று நாக்கு இடறுகிறது. '30.07.1886' இன்னும் மோசம். முப்பது ஏழு என்றா, ஜூலை முப்பது என்றா, மேடையில் நின்றுகொண்டு முடிவெடுக்க வேண்டும். சொல்ல வேண்டிய எண் எதுவானாலும் சொல்லும் விதமாகவே எழுதிவிடுவது நல்லது. அதைவிட நல்லது, ஆண்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரு நிமிடப் பேச்சில் இரண்டு ஆண்டுகள் தங்கும், ஐந்து ஆண்டுகள் தங்காது. 'அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு' என்று சொன்னால், கேட்பவர் தன் வீட்டுப் பெரியவர்களின் வயதோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

அச்சில் மட்டுமே வாழும் சொற்கள் சில உண்டு. 'பொறுப்பேற்றுள்ளார்', 'திகழ்பவர் ஆவார்', 'என்பது குறிப்பிடத்தக்கது'. யாரும் வாயால் இவற்றைச் சொல்வதில்லை. 'பொறுப்பேற்றிருக்கிறார்' என்றால் போதும். 'குறிப்பிடத்தக்கது' என்பதைச் சும்மா எடுத்துவிடலாம், பொருளில் ஒன்றும் குறையாது. 'விருது வழங்கிக் கௌரவிக்கப்பட்டார்' என்பதில் கொடுத்தவர் மறைந்துபோகிறார். 'இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தது' என்றால் காதுக்குத் தெளிவு.

அப்படியென்றால் 'படிச்சாங்க, வந்தாங்க' என்று முழுக்கப் பேச்சு வழக்கிலேயே எழுதிவிடலாமா? தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் அப்படிப் பேசுகிறார்கள், அங்கே அது பொருந்துகிறது. படத்திறப்பு, பட்டமளிப்பு, நினைவுச் சொற்பொழிவு போன்ற மேடைகளில் வினையின் வடிவத்தை எழுத்துத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, வாக்கியத்தின் கட்டை மட்டும் பேச்சுத் தமிழிலிருந்து எடுப்பதுதான் என் தேர்வு. 'முதல் மாணவி இவர்தான்', 'முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை' என்பவை எழுத்துத் தமிழில்தான் இருக்கின்றன, ஆனால் பேசுகிற மாதிரி நிற்கின்றன. எந்த வழியை எடுத்தாலும் இரண்டையும் ஒரே மூச்சில் கலக்கக் கூடாது. 'பட்டம் பெற்றார், அப்புறம் வேலைக்குப் போனாங்க' என்று வந்தால் கேட்பவர் கவனம் செய்தியை விட்டுவிட்டுத் தொகுப்பாளரிடம் போய்விடுகிறது.

சுருக்கும்போது நேரும் ஒரு கேட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ் மேடைகளில் அது வாரந்தோறும் நடக்கிறது. அறிமுகம் எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக அடைமொழிகளை வெட்டுகிறார்கள். அதில் 'முதல்' என்ற சொல் மட்டும் தப்பித்து நிற்கிறது, அதற்கு எல்லை போட்ட சொற்கள் போய்விடுகின்றன. முத்துலட்சுமி ரெட்டியை 'இந்தியாவின் முதல் பெண் டாக்டர்' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-இல். முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டில்தான். 'சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி' என்றால் அதுவும் தவறு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875-இலேயே அங்கே படிக்கச் சேர்ந்துவிட்டார். 'இந்தியாவிலேயே சட்டசபைக்குப் போன முதல் பெண்' என்றால் அங்கேயும் சிக்கல் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சட்டசபையில் டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் 1924-இலேயே உறுப்பினர். 'சென்னை சட்டசபையின்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிட்டால் செய்தி உறுதியாக நிற்கிறது. தேவதாசி முறையிலும் இப்படித்தான். 'சட்டசபையில் சட்டம் கொண்டுவந்து ஒழித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் 1930-இல், காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்து, சட்டசபையிலிருந்து விலகிவிட்டார். ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947-இல். 'சட்டசபையில் அவர் தொடங்கிவைத்த போராட்டம், 1947-இல் சட்டமானது' என்று சொன்னால் நீளம் கூடுவதில்லை, உண்மையும் கெடுவதில்லை. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் விருந்தினரைப் பற்றி இப்படி ஒரு பிழை மேடையில் வந்தால், அவர் பேச எழுந்ததும் முதல் வேலையாக அதைத் திருத்த வேண்டியிருக்கும். அது அவருக்கும் சங்கடம், தொகுப்பாளருக்கும் சங்கடம்.

இருக்கும் விருந்தினரை அறிமுகப்படுத்தும்போது வேறு சில கவனங்களும் வேண்டும். பட்டங்கள் எட்டு இருந்தால் எட்டையும் வாசிப்பது மரியாதை என்று நினைக்கிறோம். எழுத்து எழுத்தாக வாசிக்கப்படும் பட்டங்களிலிருந்து அரங்குக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'இதய அறுவை சிகிச்சை நிபுணர்' என்று அவர் செய்யும் வேலையைச் சொன்னால் போதும். தாளில் படிக்கும்போது உறுத்தாத சில செய்திகள், ஆளை எதிரில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னால் உறுத்தும். வயது, மறைந்த துணைவர், அவரே கடந்துவந்த ஒரு நோய். இவற்றைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

பெயரையும் கேட்டுவிட வேண்டும். தமிழ் எழுத்து ஓசையை முழுக்கக் காட்டுவதில்லை. 'பாலு' என்பதிலும் 'பழனி' என்பதிலும் அதே 'ப'தான், ஆனால் ஒலி வேறு. 'கோபால்', 'கோவலன்' இரண்டிலும் அதே 'கோ'. பழகிய பெயர்களில் நாக்குக்குத் தெரியும். வெளிமாநிலப் பெயரோ வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரோ வந்தால் எழுத்தை நம்பி வாசிக்க முடியாது. விருந்தினரிடமோ அவருடைய உதவியாளரிடமோ தொலைபேசியில் ஒருமுறை சொல்லச் சொல்லிக் காதால் கேட்டுக்கொள்வதுதான் வழி. தலைப்பெழுத்தைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பெயரை எங்கே வைப்பது என்பது தமிழுக்கே உரிய சிக்கல். 'பேராசிரியர் இன்னார் அவர்களைச் சிறப்புரை ஆற்ற வருமாறு அன்போடு அழைக்கிறோம்' என்று வழக்கமாக முடிக்கிறோம். பெயரைக் கேட்டதும் கைதட்டல் எழுந்துவிடுகிறது. 'வருமாறு அன்போடு அழைக்கிறோம்' என்பது அந்தச் சத்தத்துக்குள் மூழ்கிப்போகிறது. தொகுப்பாளர் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, விருந்தினர் எழுவதா இருப்பதா என்று தயங்குகிறார். பேச்சுத் தமிழில் முற்றுக்குப் பின்னாலும் சொல் வரலாம், அந்த உரிமையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். 'சிறப்புரை ஆற்ற அழைக்கிறோம். // பேராசிரியர் இன்னார் அவர்களை.' பெயர் கடைசிச் சொல்லாக விழுகிறது, அதன் மேல் கைதட்டல் விழுகிறது. ஆனால் பெயரை அதுவரை ஒளித்துவைத்துப் புதிர் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பின்னால் பதாகையில் அவர் முகம் பெரிதாக இருக்கும்போது யாரும் யோசிக்கப்போவதில்லை. அறிமுகத்தின் முதல் வாக்கியத்தில் பெயர் வர வேண்டும், நடுவில் ஒருமுறை வர வேண்டும், கடைசியில் வர வேண்டும். இடையில் எல்லாம் 'இவர், அவர்' என்றே ஓட்டினால், தாமதமாக வந்து உட்கார்ந்தவருக்கு யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது.

எழுதியதைத் தாளில் போடும் முறைக்கும் பங்குண்டு. எழுத்து பதினாறு அல்லது பதினெட்டுப் புள்ளி அளவில் இருக்கட்டும், மேடை விளக்கு எப்போதும் நம் கண்ணுக்கு ஏற்றபடி இருப்பதில்லை. தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவிட வேண்டும். கீழ் வரிகளை வாசிக்கும்போது தலை குனிகிறது, குரல் மைக்கை விட்டு விலகுகிறது. ஒரு வாக்கியம் ஒரு தாளில் தொடங்கி அடுத்த தாளில் முடியக் கூடாது. தாள்களைப் பின் அடிக்காமல், எண் போட்டுத் தனித்தனியாக வைத்தால் புரட்டும் சத்தம் வராது.

முடிந்ததும் சோதனை. எழுதியவரே வாசித்துப் பார்ப்பதால் பாதிப் பயன்தான், அவருக்கு அடுத்த சொல் ஏற்கெனவே தெரியும். அதைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, ஒத்திகை இல்லாமல் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் நின்ற இடம், இரண்டாம் முறை வாசித்த இடம், மூச்சு திணறிய இடம் மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறை வாசித்தவரிடம் இருப்பதாக எண்ணாமல், அந்த மூன்று இடங்களையும் மாற்றி எழுதுங்கள். அறையில் இன்னொருவர் இருந்தால், தாளைக் காட்டாமல், என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் குறிப்பைக் கேட்டவர் 'தங்கை' என்றும் 'அடையாறு மருத்துவமனை' என்றும் சொல்லிவிட்டால் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது. 'நிறைய விருது வாங்கியவர் போல' என்று சொன்னால் மறுபடி எழுத வேண்டும்.

விழா நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொகுப்பாளரின் கையில் அழைப்பிதழ்க் குறிப்பை மேடைப் படிக்கட்டில் வைத்துத் திணிக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாகக் கொடுங்கள். கூடவே விருந்தினரின் தொலைபேசி எண்ணையும், எத்தனை நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதையும், அரங்கில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.